வாய்ஸ் மெசேஜைச் சுருக்குவது: பத்தியாகவா, வரி வரியாகவா?

குமுளிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. வாடிக்கையாளர் அனுப்பிய நீளமான வாய்ஸ் மெசேஜின் எழுத்து வடிவம் கையில் இருக்கிறது, கடைப் பையனுக்கு எப்படி எழுதித் தருவது?

பத்தி: பேசிய வரிசையிலேயே சுருக்கலாம், சீக்கிரம் முடியும். ஆனால் முதலில் "ஜெயா அரிசி ரெண்டு மூட்டை" என்பார்கள், கடைசியில் "ஜெயா ஒண்ணு போதும், இன்னொண்ணு மட்ட அரிசி" என்று மாற்றுவார்கள். பையன் முதல் வரியிலேயே மூட்டையைத் தூக்கிவிடுவான்.

வரி வரி: முழுதும் படித்து, கடைசி முடிவை மட்டும் எழுத வேண்டும். நேரம் பிடிக்கும்.

ஜெயா அரிசி – 1 மூட்டை
மட்ட அரிசி – 1 மூட்டை
4 மணி ஜீப்பில் ஏற்று

எந்த வழியானாலும் அளவை மட்டும் ஆடியோவில் திரும்பக் கேளுங்கள், எழுத்தில் எண்கள் பிசகலாம்.

விலை விசாரிப்புக்குப் பத்தி போதும். சரக்கு எடுக்க வரி வரிதான்.