மூன்றரை வருஷ பிளாஸ்க் அனுபவம்: டீ எவ்வளவு வேகமாக ஆறுகிறது?

ஒரு லிட்டர் எவர்சில்வர் பிளாஸ்க். மூன்று வருஷம் தினமும் உழைத்துவிட்டு ஒருநாள் கீழே விழுந்து போனது. அதே மாடலில் இன்னொன்று வாங்கி ஆறு மாசம் ஆகிறது. காலை 6 மணிக்கு ஊற்றிய டீயை மதியம் 12 மணிக்கும் ஊதித்தான் குடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் பொருளைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது கழுத்துவரை கொதிநீர் நிரப்பி, நடுவில் ஒரு தடவைகூடத் திறக்காமல் எடுக்கிற கணக்கு.

பிளாஸ்க்கின் சுவர் இரட்டைச் சுவர். நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்திக்கொண்டு போகக் காற்றே இல்லாததால் பக்கவாட்டில் அது வெளியேற வழி ரொம்பக் குறைவு. கதிர்வீச்சாகக் கிளம்புகிற சூடு மட்டும் வெற்றிடத்தையும் தாண்டும். அதில் பெரும்பகுதியைப் பளபளப்பான உள்பரப்பு திருப்பி அனுப்பிவிடுகிறது. ஜேம்ஸ் டூவர் 1892-இல் இந்த அமைப்பைச் செய்தது கடுங்குளிரான திரவங்களை வைத்திருக்கத்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் சுவருக்கு உள்ளே இருப்பது சூடா குளிரா என்ற கணக்கே கிடையாது.

மிச்சம் இருக்கிற பெரிய ஓட்டை மேலேதான். உள்சுவரும் வெளிச்சுவரும் வாய்ப்பக்கம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன, மூடிக்குள் வெற்றிடம் இல்லை. டீ ஊற்றி அரைமணி கழித்துத் தடவிப் பாருங்கள், உடம்பு முழுக்க ஜில்லென்றிருக்கும், கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெதுவெதுப்பு தெரியும்.

வேகத்தை அளக்க, குச்சி தெர்மாமீட்டர் ஒன்றை வைத்துச் சில நாள் பார்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் திறந்தால் ஆவியிலேயே சூடு போய்விடும் என்பதால், ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் திறப்பது. அறை 30 டிகிரி, ஊற்றும்போது டீ 90. ஆறு மணி நேரம் கழித்து 72. இன்னொரு நாள் பன்னிரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தால் 59.

முதல் ஆறு மணியில் 18 டிகிரி, அடுத்த ஆறில் 13 தான். டீக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 60, அப்புறம் 42, அப்புறம் 29. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மிச்சமிருக்கிற வித்தியாசத்தில் பத்தில் மூன்று பங்கு கழிகிறது. அதனால் முதல் மணி நேரத்தில் மூன்றரை டிகிரி இறங்குகிற டீ, பன்னிரண்டாவது மணியில் இரண்டு டிகிரிகூட இறங்குவதில்லை. ஆரம்பத்தில் வெளியேறுகிற சூடு சுமார் 4 வாட், ஒரு சின்ன ராத்திரி விளக்கின் அளவு.

பாதி மட்டும் ஊற்றியபோதுதான் எனக்கே ஆச்சரியம். ஆறே மணியில் 60-க்கு வந்துவிட்டது, அதாவது நிறைய ஊற்றியது பன்னிரண்டு மணியில் வந்த இடத்துக்கு. கழுத்தும் மூடியும் அதே அளவு சூட்டைத்தான் வெளியே விடுகின்றன, ஆனால் உள்ளே இருப்பு பாதிதானே. அதனால் இரண்டு கப் டீக்கு ஒரு லிட்டர் பிளாஸ்க் வாங்காதீர்கள், அரை லிட்டரை நிரப்பி வைப்பதே மேல். முதலில் கொதிநீர் விட்டு அலசினால் ஒன்றிரண்டு டிகிரி மிஞ்சும். அவசரத்தில் நான் பல நாள் அதை விட்டுவிடுகிறேன். பால் டீ என்றால் 60-க்குக் கீழே வந்தபின் நேரம் கடத்தாதீர்கள், கிருமி பெருக ஆரம்பிக்கும்.

சரி, பழையது எப்படிப் போனது? படிக்கட்டில் விழுந்து அடியில் சின்ன நசுங்கல், அவ்வளவுதான். பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் மூன்று மணி நேரத்தில் டீ 55 டிகிரி. கையில் எடுத்தபோது பக்கச்சுவர் முழுக்க வெந்நீர்ச் செம்பு மாதிரி சுட்டது. எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

ஆனால் டீ சீக்கிரம் ஆறுகிறது என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொதிநீர் நிரப்பிப் பத்து நிமிஷம் கழித்துத் தொடுங்கள். உடம்பு ஜில்லென்று இருந்து மூடிப்பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டாலோ, சாய்த்தால் கசிந்தாலோ, கோளாறு மூடியின் ரப்பர் வளையத்தில். பழைய பிளாஸ்க்கில் இரண்டாவது வருஷம் எனக்கு அதுதான் நடந்தது. வளையம் தட்டையாகி இறுகிப்போயிருந்தது, புதிது மாட்டியதும் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி 72 காட்டியது.