ஒரே கடிதம், மூன்று வடிவம்: போனில் படிப்பவருக்கு எது சரிவரும்?

கடலூரில் முந்திரி ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆவண வேலை பார்க்கிறேன். அலுவலகம் ஊருக்குள், ஆலை பண்ருட்டிப் பக்கம். முதலாளி பகல் முழுக்க ஆலையில்தான் இருப்பார். நான் அனுப்பும் மின்னஞ்சலைக் களத்தில் நின்றபடி, வெயிலில், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு படிப்பார். நான் எழுதுவதோ அகலமான கணினித் திரையில். எனக்கு ஐந்து வரியாகத் தெரியும் பத்தி அவருக்குப் பதினெட்டு வரி. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் சாதாரண எழுத்தளவில் போனின் ஒரு வரிக்கு நான்கு சொல்தான் கொள்கிறது.

எங்கள் வேலையில் அடிக்கடி வரும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். 20 அடி கன்டெய்னரில் டபிள்யூ 320 தர முந்திரிப் பருப்பு 700 பெட்டி போகிறது. பெட்டிக்கு 50 பவுண்டு, அதாவது 22.68 கிலோ. மொத்தம் 15,876 கிலோ. சரக்கு துறைமுகம் போனதும் சென்னை ஏஜென்ட் பி.எல். வரைவை அனுப்புவார். பி.எல். என்பது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம். முதலாளி பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது இறுதியாகும். கப்பல் கிளம்பிய பின் திருத்தினால் கட்டணம், கூடவே சில நாள் தாமதம். எல்.சி.யில், அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதியில், போகும் சரக்கென்றால், இன்வாய்ஸில் ஒரு எடை, பி.எல்.லில் வேறு எடை என்று கண்டால் வங்கி பணத்தை நிறுத்தி வைக்கும்.

நான் முன்பெல்லாம் எழுதிய வடிவம் இது:

> வணக்கம் ஐயா, நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நேற்று பேசியபடி 700 பெட்டி டபிள்யூ 320 சரக்குக்கான கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட்டது. சென்னை ஏஜென்ட் பி.எல். வரைவு அனுப்பியிருக்கிறார், இணைத்துள்ளேன். அதில் நிகர எடை 15,786 கிலோ என்று இருக்கிறது, நம் இன்வாய்ஸில் 15,876, மேலும் வாங்குபவர் முகவரியில் அஞ்சல் குறியீடு விட்டுப்போயிருக்கிறது, நோட்டிஃபை பார்ட்டி இடத்தில் போன முறை போட்ட ஏஜென்ட் பெயரே இருக்கிறது, இந்த முறையும் அவர்தானா என்று தெரியவில்லை. கப்பல் கம்பெனி இன்று மாலைக்குள் ஒப்புதல் கேட்பதால் பார்த்துவிட்டு 3 மணிக்குள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தலைப்பு: ‘பி.எல். தொடர்பாக’. இதற்கு வந்த பதில்: ‘பார்த்தேன், சரி.’

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. வரைவு சரியா, நான் சொன்ன திருத்தங்கள் சரியா, நோட்டிஃபை பார்ட்டியாக, அதாவது சரக்கு போய்ச் சேரும்போது தகவல் தர வேண்டியவராக, பழைய ஏஜென்ட் பெயரே இருக்கட்டும் என்கிறாரா? போன் போட்டுக் கேட்டபோதுதான் அவர் எடை விஷயத்தையே கவனிக்கவில்லை என்று தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை. 15,786, 15,876 இரண்டும் அடுத்தடுத்த வரியில், இடம் மாறிய இரண்டு இலக்கங்களோடு, நகர்ந்துகொண்டிருக்கும் திரையில் வந்திருக்கின்றன. பத்தியில் ஓரிடத்தில் கண் விட்டுப்போனால் மறுபடி பிடிக்க அடையாளம் எதுவும் இல்லை. கேட்ட விஷயமும் கெடுவும் கடைசி வரியில். அந்த வரி கண்ணில் பட இரண்டு முறை திரையைத் தள்ள வேண்டும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று நான் போனது எதிர்ப்பக்கத்துக்கு. எல்லாவற்றையும் புள்ளி வைத்து உடைத்தேன்.

> • கன்டெய்னர் உள்ளே போய்விட்டது
> • 700 பெட்டி, டபிள்யூ 320
> • பி.எல். வரைவு இணைப்பில்
> • எடை 15,786
> • இன்வாய்ஸ் 15,876
> • அஞ்சல் குறியீடு இல்லை
> • நோட்டிஃபை பார்ட்டி பழைய ஏஜென்ட்
> • 3 மணிக்குள் ஒப்புதல் தேவை

பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இது முதல் வடிவத்தைவிட ஒரு வகையில் மோசம் என்பது என் தீர்மானமான கருத்து. பத்தியில் ‘நம் இன்வாய்ஸில்’ என்ற இரண்டு சொல், இரு எண்களுக்கும் உள்ள முரணைச் சொல்லிவிட்டது. இங்கே எடை ஒரு புள்ளி, இன்வாய்ஸ் இன்னொரு புள்ளி. இரண்டும் மோதுகின்றன என்பதைப் படிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். வெறும் தகவலும் அவர் முடிவெடுக்க வேண்டியதும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. எட்டில் எத்தனைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். மூன்றுக்குத்தான்.

கணினியில் பட்டியல் பொத்தானை அழுத்திப் புள்ளி வைத்தால் போனில் இன்னொரு தொல்லை. பட்டியல் இடப்பக்கம் இடம் விட்டு உள்ளே தள்ளி நிற்கும். பட்டியலுக்குள் ஒரு பட்டியல் போட்டால் இன்னும் உள்ளே தள்ளும். நான்கு சொல் கொள்ளும் வரியில் ஒரு சொல் இடம் இதிலேயே போய்விடும். அதனால் உள்பட்டியல் போடுவதையே விட்டுவிட்டேன்.

இப்போது நான் எழுதும் மூன்றாவது வடிவம்:

> ஐயா, வணக்கம். இன்று மதியம் 3 மணிக்குள் கீழே உள்ள மூன்றுக்கும் பதில் வேண்டும்.
>
> 1. நிகர எடை: வரைவில் 15,786, நம் இன்வாய்ஸில் 15,876. இன்வாய்ஸ்படி திருத்தச் சொல்கிறேன், சரியா?
>
> 2. வாங்குபவர் முகவரியில் அஞ்சல் குறியீடு இல்லை. ஆர்டரில் உள்ளதைச் சேர்க்கட்டுமா?
>
> 3. நோட்டிஃபை பார்ட்டி: போன முறை போட்ட அதே ஏஜென்டா, வேறு பெயரா?
>
> 700 பெட்டி கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட்டது. கப்பல் கம்பெனி மாலைக்குள் ஒப்புதல் கேட்கிறது. அதன் பிறகு திருத்தினால் கட்டணம் விழும். முழு வரைவு இணைப்பில் இருக்கிறது.

தலைப்பு: ‘இன்று 3 மணிக்குள்: பி.எல்., 3 கேள்வி’.

முதல்முறை இப்படி அனுப்பியபோது பத்து நிமிடத்தில் வந்த பதில்: ‘1 சரி 2 சரி 3 வேறு ஏஜென்ட், பெயர் போனில் சொல்றேன்.’

புள்ளியைவிட எண் ஏன் மேல் என்பது இந்தப் பதிலில் இருக்கிறது. ஒரு கட்டைவிரலால் தட்டச்சு செய்பவர், ‘நீங்கள் கேட்ட முகவரி விஷயத்தில்’ என்றெல்லாம் எழுத மாட்டார். எண் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார். ஏதாவது விட்டுப்போனாலும் உடனே தெரியும். 1, 3 மட்டும் வந்தால் 2 பாக்கி என்று நான் திரும்பக் கேட்கலாம். புள்ளிப் பட்டியலுக்கு ‘சரி’ என்று வந்தால் எதுவும் தெரியாது. ஆகவே பதில் வேண்டிய இடத்தில் எண், வெறுமனே அடுக்கிக் காட்டும் இடத்தில் புள்ளி, காரணம் சொல்லும் இடத்தில் பத்தி. காரணத்தை உடைத்தால் ‘அதனால்’, ‘அதன் பிறகு’ என்ற இணைப்புகள் விழுந்துவிடும். காரணத்தின் உயிரே அந்த இணைப்புகளில்தான்.

பத்தியின் நீளத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு, போனில் ஆறேழு வரி. கணினியில் அது இரண்டு வரிக்குள் அடங்கிவிடும், பார்க்கவே அரைகுறையாகத் தோன்றும். தோன்றட்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக்குவதும் வேண்டாம். அப்போது இடைவெளிகளே திரையை நிரப்பி, தள்ளும் வேலை கூடிவிடும். கணினியில் வரி முடியும் இடத்தில் கையால் என்டர் தட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு. போனில் அந்த வரி நடுவில் மடிந்து, அடுத்த வரியில் ஒற்றைச் சொல் தொங்கும். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று கடிதம் பல் போல வந்தால் காரணம் அந்த என்டர்தான்.

கேட்பதை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு அதிகத் தயக்கம் இருந்தது. பெரியவருக்கு எழுதும்போது நலம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் வேலை சொல்வது நமக்கு மனம் ஒப்பாது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கிய கடிதங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் போனில் கடிதத்தைத் திறக்கும் முன்பே தலைப்பும் முதல் வரியும் தெரிந்துவிடுகின்றன. ஜிமெயில் ஆப் பட்டியலில் ஏறக்குறைய ஒரு வரி, ஐபோனின் மெயிலில் அமைப்பை மாற்றாதவரை இரண்டு வரி. அந்த இடத்தை நல விசாரிப்பு பிடித்துக்கொண்டால், காலை வந்த கடிதமும் அவசரக் கடிதமும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். அதனால் ‘ஐயா, வணக்கம்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கெடுவை உடனே சொல்கிறேன். அவர் அம்மாவின் கண் அறுவை எப்படி நடந்தது என்று கேட்க வேண்டியிருந்தால் அதைக் கடைசியில் தனி வரியாகக் கேட்கிறேன். அவசரமில்லாத இடத்தில் அது இன்னும் மனதாரப் படிக்கப்படுகிறது என்பது என் அனுபவம்.

மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் கெடுவை எழுதிப் பார்த்தேன். நீண்ட கடிதத்துக்கு அது உதவும். ஆனால் ஒருமுறை ஏஜென்ட் நேரத்தை மாற்றியபோது மேலே 4 மணி என்று திருத்திவிட்டுக் கீழே 3 மணியை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டில் எது என்று கேட்டுப் பதில் வந்தது. குறுங்கடிதத்தில் ஓரிடம் போதும்.

மேலே வைப்பது பொருந்தாத கடிதமும் உண்டு. கொட்டை கொடுக்கும் வியாபாரி ஒருவர் விலை கூட்டிக் கேட்டு, நாங்கள் முடியாது என்று எழுத வேண்டியிருந்தது. முதல் வரியிலேயே ‘இந்த விலை கட்டுப்படியாகாது’ என்று வைத்தால், திறக்காமல் வெளியே இருந்தபடியே அவர் படிப்பது அந்த மறுப்பை மட்டும்தான். அங்கே காரணத்தை ஒரு சிறு பத்தியில் முதலில் சொல்லி, மறுப்பை அடுத்த பத்தியில் தெளிவாக வைத்தோம். அப்போதும் இரண்டும் ஒரே திரைக்குள் அடங்கும்படி பார்த்துக்கொண்டேன். மறுப்பு திரைக்குக் கீழே போய்விட்டால், காரணத்தை மட்டும் படித்தவர் இன்னும் பேரம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அனுப்பும் முன் எனக்கே ஒன்று அனுப்பி என் போனில் திறக்கிறேன். விரலால் தள்ளாமலேயே கெடுவும் முதல் கேள்வியும் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் முதல் பத்தியில் ‘நேற்று பேசியபடி’ போல ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கும். அதைக் கீழே இறக்கினால் போதும்.

இணைப்பைப் பற்றி ஒன்று. பி.எல். வரைவு ஏ4 தாளுக்கு அமைந்த பிடிஎஃப். போனில் அதைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, எடைக் கட்டத்தைத் தேடி நகர்த்த வேண்டும். முதலாளி திறப்பதே இல்லை என்று பிறகுதான் சொன்னார். அதனால் முடிவுக்கு வேண்டிய இரண்டு எண்களையும் கேள்விக்குள்ளேயே எழுதிவிடுகிறேன். வரைவு முழுவதையும் அவர் மாலை வீட்டுக்குப் போய்க் கணினியில் பார்ப்பார். அதற்குள் ஒப்புதல் சென்னைக்குப் போயிருக்கும்.