முன்னுரையையே திருப்பிச் சொல்லும் முடிவுரை: நான்கு வழிகளில் திருத்திப் பார்த்தோம்

அக்கா மகள் கல்லூரியில் முதல் வருடம். தமிழ்ப் பாடத்துக்கு ஆறு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம், தானே புயலும் முந்திரியும் என்று தலைப்பெடுத்துக்கொண்டாள். அவள் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு இருப்பதால் அவளுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம். நடுவில் இருக்கும் பக்கங்கள் நன்றாகவே இருந்தன. கடைசிப் பத்தியைப் படித்தபோதுதான் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டோமோ என்று தோன்றியது.

அவள் முன்னுரை இது:

"கடலூர் மாவட்டத்தின் பெருமை முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் முந்திரி விவசாயிகளின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. அந்தப் பாதிப்பையும் அதிலிருந்து அவர்கள் மீண்ட விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது."

முடிவுரை இது:

"இவ்வாறு கடலூரின் அடையாளமான முந்திரி தானே புயலால் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. விவசாயிகளின் வாழ்க்கை தலைகீழாக மாறியது. எனினும் அவர்கள் மனம் தளராமல் மீண்டு வந்தார்கள்."

பெருமை அடையாளமாகிவிட்டது, புரட்டிப் போட்டது தலைகீழாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நடுப்பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டு முடிவுரையை மட்டும் படியுங்கள், ஐந்து பக்கம் படித்த ஒருவரால் மட்டுமே எழுத முடிந்த சொல் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இவள் முடிவுரையில் ஒன்றுகூட இல்லை, கட்டுரையை எழுதுவதற்கு முன்பே இதை எழுதியிருக்கலாம்.

திருத்துவதற்கு நான்கு வழிகள் பார்த்தோம். ஒரே கட்டுரைக்கு நான்கையும் எழுதிப் பார்த்ததால்தான் வித்தியாசம் தெரிந்தது.

முதல் வழி அறிவுரை முடிவு. "இயற்கைச் சீற்றங்களை எதிர்கொள்ள நாம் அனைவரும் மரங்களை வளர்ப்போம், விவசாயிகளைக் காப்போம்." பள்ளியில் இருந்து எல்லோருக்கும் கை பழகிய முடிவு இதுதான், இதற்கு மேலே ஒரு குறளையும் வைத்துவிட்டால் கட்டுரை முடிந்த மாதிரியே இருக்கும். ஆனால் இந்த வரியை வெட்டி, சுனாமியைப் பற்றிய கட்டுரையில் ஒட்டினாலும் உட்காரும், காடு அழிப்பைப் பற்றியதில் ஒட்டினாலும் உட்காரும். எங்கே வைத்தாலும் உட்காருகிற வரிக்கு இந்தக் கட்டுரையோடு உறவு இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள், அதனால் இதில் அதிக நேரம் போகவில்லை.

இரண்டாவது வழி விரித்துச் சொல்வது. "2004 சுனாமி, 2011 தானே, 2015 நவம்பர் வெள்ளம் என்று பதினோரு வருடத்துக்குள் மூன்று பேரிடர்களைப் பார்த்த மாவட்டம் இது" என்று தொடங்கி எழுதினாள். படிக்க கம்பீரமாக இருந்தது, எனக்கும் முதலில் பிடித்தது. பிரச்சினை என்னவென்றால், சுனாமியும் வெள்ளமும் நடுவில் எங்குமே வரவில்லை. கடைசிப் பத்தியில் வந்து இறங்கும் புதுச் செய்தியைப் படிக்கிறவர் சோதித்துப் பார்க்க வழியில்லை, "அப்போ இதைப் பற்றி ஏன் எழுதவில்லை" என்ற கேள்விதான் எழும். நடுவில் ஏற்கெனவே அந்த மூன்றையும் ஒப்பிட்டிருந்தால் இதே வரி சரியான முடிவாக ஆகியிருக்கும். ஆக வழி தவறில்லை, இந்தக் கட்டுரை அதைத் தாங்கவில்லை.

மூன்றாவது, தொடக்கத்துக்கே திரும்புவது. இதை முதல் தவறோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திருப்பிச் சொல்வது வேறு, திரும்பி வருவது வேறு. முன்னுரையில் உள்ள ஒரு சொல்லை அப்படியே எடுத்து, நடுப்பக்கங்களில் படித்த விஷயத்தால் அதன் பொருள் மாறிப்போயிருப்பதைக் காட்ட வேண்டும். அவள் முன்னுரையில் அப்படி எடுக்கத் தகுந்த சொல் "பெருமை". இப்படி எழுதினாள்:

"கடலூருக்கு முந்திரி இன்றும் பெருமைதான். ஆனால் புயலுக்குப் பிறகு வந்த மூன்று வருடங்களில் தாத்தா வீட்டுக்கு அரிசி வாங்கிய காசு முந்திரிக் காசு இல்லை, மல்லாட்டைக் காசு."

இது வேலை செய்கிறது. பெருமை என்ற சொல் முதல் பக்கத்தில் சும்மா இருந்தது, இங்கே கொஞ்சம் வலிக்கிறது. மல்லாட்டை என்று எழுதலாமா, நிலக்கடலை என்று மாற்றட்டுமா என்று கேட்டாள். நம் பக்கத்துச் சொல், எல்லோருக்கும் புரியும், இருக்கட்டும் என்றேன்.

நான்காவது வழிக்குப் போவதற்கு முன் நடுப்பக்கங்களில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வழியின் சரக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதல் பகுதி புயல் இரவு: மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்று, விடிந்ததும் தாத்தா போய்ப் பார்த்தபோது அறுபது மரத்தில் ஐம்பத்திரண்டு சாய்ந்து கிடந்தது. எல்லாம் அவர் அப்பா கொட்டை ஊன்றி வளர்த்த பெரிய மரங்கள். இரண்டாவது பகுதி காத்திருந்த காலம்: சாய்ந்த மரத்தை அறுத்து விறகுக்குக் கொடுத்தது, வேரைப் பிடுங்கியது, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ரகமான வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று வைத்தது, ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்க மூன்றாவது வருடம் ஆகும் என்பதால் இடையில் மல்லாட்டை போட்டது. மூன்றாவது பகுதி இன்றைய நிலை: கன்றுகள் படர்ந்து நிலத்தை மூடிவிட்டன, மகசூல் வருகிறது. அதற்குள் போகிற போக்கில் ஒரு வரி, "மேற்கே அரை ஏக்கரில் மட்டும் தாத்தா இன்னும் மல்லாட்டைதான் போடுகிறார்."

நான்காவது வழி, நடுப்பக்கங்களில் இருந்தே ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு விஷயங்களைத் தேடிப் பிடித்து, அவை ஏன் ஒட்டவில்லை என்பதை முடிவுரையாக்குவது. செய்முறை எளிதுதான். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ள வேண்டும், அப்புறம் அந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படிக்க வேண்டும். இவளுக்கு ஏழு வாக்கியம் வந்தது. "தோப்பு பழையபடி ஆகிவிட்டது" என்பது ஆறாவது. "அரை ஏக்கரில் மரமே வைக்கவில்லை" என்பது ஏழாவது. பழையபடி ஆகிவிட்டால் அந்த அரை ஏக்கர் ஏன் பழையபடி ஆகவில்லை? இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு "சித்தி, அப்போ மீண்டுட்டாங்கன்னு நான் எழுதினதே தப்பா?" என்றாள். தப்பில்லை, முழுசாக இல்லை, அவ்வளவுதான். அதைத்தான் முடிவுரை சொல்ல வேண்டும்.

அவள் எழுதிய முதல் வடிவம் அளவுக்கு மீறிப் போய்விட்டது: "இன்று கடலூர் விவசாயிகள் யாரும் முந்திரியை நம்புவதில்லை." ஒரு தோப்பைக் காட்டிவிட்டு மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த வழியில் வருகிற பெரிய ஆபத்தே இதுதான், புதிதாக ஒன்று கிடைத்த உற்சாகத்தில் ஆதாரத்தைவிட வாக்கியம் பெரிதாகிவிடும். யாரும், எல்லோரும், எப்போதும், யாருமே என்கிற சொற்கள் முடிவுரையில் வந்தால் நின்று பார்க்கச் சொன்னேன். இரண்டாவது வடிவம்:

"புதுக் கன்றுகள் காய்க்கத் தொடங்கிய பிறகும் தாத்தா அந்த அரை ஏக்கரில் மரம் வைக்கவில்லை. மரம் காய்க்காத மூன்று வருடம் குடும்பத்தைத் தாங்கியது நூறு சொச்சம் நாளில் கைக்கு வருகிற மல்லாட்டை. தோப்பு மீண்டுவிட்டது, ஆனால் நிலம் முழுவதையும் மரத்திடம் ஒப்படைக்கப் பயப்படுகிற தோப்பாக மீண்டிருக்கிறது."

கைமறைப்புச் சோதனை இதில் தேறுகிறது. அரை ஏக்கர், மூன்று வருடம், நூறு சொச்சம் நாள் எல்லாம் நடுவில் இருந்து வந்தவை, ஆனால் நடுவில் எங்குமே இப்படிச் சேர்த்துச் சொல்லப்படவில்லை.

இப்போது மூன்றாவதையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்றாவது சின்னது, மனதில் நிற்கிறது, எழுதவும் சீக்கிரம். ஆனால் அது முன்னுரையின் தரத்தை நம்பி இருக்கிறது. முன்னுரையில் திரும்பி வரத் தகுந்த சொல் இல்லாவிட்டால் முதலில் முன்னுரையைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் வெறும் எதிரொலியாக முடியும். இன்னொரு குறை, அது ஒரு உணர்வைக் கொடுக்கிறது, காரணத்தைக் கொடுக்கவில்லை. மல்லாட்டைக் காசில் அரிசி வாங்கினார்கள், சரி, அதனால் என்ன ஆனது என்பதற்கு அதில் பதில் இல்லை. நான்காவதில் பதில் இருக்கிறது. ஆறு பக்கம் படித்தவருக்கு அந்தப் பதிலைக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. இரண்டு பக்கக் கட்டுரை என்றால் மூன்றாவதையே எடுப்பேன், ஒட்டாத இரண்டு விஷயம் உருவாக அங்கே இடம் இருக்காது. பத்தாம் வகுப்புத் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்து எழுதச் சொல்கிற கட்டுரைக்கு இந்தத் தேடல் எதற்கும் நேரம் கிடைக்காது, அங்கே தொகுத்துச் சொல்லிவிட்டு வந்தாலே போதும்.

நான்காவதை எடுத்ததும் வேறு இரண்டு இடத்தில் கைவைக்க வேண்டி வந்தது, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். போகிற போக்கில் சொன்ன அந்த அரை ஏக்கர் வரி இப்போது முடிவுரையின் முழு பாரத்தையும் தாங்குகிறது, ஒரு வரியாக விட முடியாது. மூன்றாவது பகுதியில் அதை ஒரு சின்னப் பத்தியாக வளர்த்தாள்: எந்தப் பக்கம், எத்தனை வருடமாக, அக்கம்பக்கத்துக்காரர்கள் "அதிலயும் கன்னு வெச்சிடலாமே" என்று சொன்னது வரை. இரண்டாவது இடம் முன்னுரை. "மீண்ட விதத்தை விளக்குகிறது" என்று அங்கே உறுதி கொடுத்துவிட்டு, கடைசியில் முழுசாக மீளவில்லை என்றால் முரணாகத் தெரியும். அதைச் சரிசெய்ய முடிவுரையில் இருப்பதை முன்னுரையில் போட்டுவிட்டாள், மறுபடியும் பழைய நோய் வந்துவிட்டது. பிறகு அந்த வரியைக் கேள்வியாக மாற்றினோம்: "புயலுக்குப் பிறகு ஒரு தோப்பு பழையபடி ஆகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?" முன்னுரை கேட்கிறது, முடிவுரை பதில் சொல்கிறது, இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. "இவ்வாறு", "எனவே", "முடிவாக" மூன்றையும் எடுத்துவிட்டோம், கடைசிப் பத்தி என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது.

கொடுப்பதற்கு முந்தின நாள், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருந்தே தாத்தாவுக்குப் போன் போட்டு முடிவுரையைப் படித்துக் காட்டினாள். நான் தான் படித்துக் காட்டச் சொன்னேன், அவர் மனதில் இருப்பதைப் பற்றி நாம் முடிவுசெய்து எழுதியிருக்கிறோம் இல்லையா. முழுசாகக் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "பயம்னு எழுதாத பாப்பா. அடுத்த புயல் வந்தா அந்த வருசம் எதுல சாப்பிடறதுன்னு ஒரு கணக்கு, அவ்வளவுதான்."

கடைசி வாக்கியத்தை அங்கேயே மாற்றினாள்: "தோப்பு மீண்டுவிட்டது; ஆனால் அடுத்த புயலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு அரை ஏக்கரை மரமில்லாமல் வைத்திருக்கிற தோப்பாக மீண்டிருக்கிறது."