எச்சரிக்கை: ரியாத்தில் பெருநாளுக்குத் தோப் தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ரியாத்தில் ஆண்கள் அணியும் தோப் என்ற நீண்ட அங்கியைத் தைக்கும் ஒரு தையல் கடையில் 520 ரியாலை இழந்துவிட்டு, ஆத்திரம் தீராமல் இதை எழுதுகிறேன்.

எனக்கும் மகனுக்கும் சவூதி முறையில் இரண்டு தோப் கேட்டிருந்தேன். எமிரேட்ஸில் அணியும் இதே வகை அங்கியான கந்தூராவுக்குக் காலர் இருக்காது, கழுத்தில் குஞ்சம் தொங்கும். சவூதி தோப்புக்கு விறைப்பான நிமிர்ந்த காலரும், பொத்தான் பூட்டும் கஃப் வைத்த கையும் வழக்கம். கடைக்காரர் ஒரு ஜப்பான் துணிச் சுருளை மேசையில் விரித்து, கரையோரம் வரிசையாக அச்சிட்டிருந்த ஆலையின் பெயரைக் காட்டி, "தொட்டுப் பாருங்கள் பாய், நீங்களே சொல்லுங்கள்" என்றார். அந்தத் துணி கையில் வழுவழுப்பாக, கசக்கினாலும் மடிப்பு விழாமல், கனமாகத் தொங்கியது. அந்த நிமிடம்தான் அவரை முழுமையாக நம்பி 520 ரியாலையும் முன்பணமாகக் கொடுத்தேன். ரசீதில் "தோப் 2, 520" என்று மட்டும் எழுதினார்; துணியின் பெயரை எழுதவில்லை.

பெருநாளுக்கு முந்தைய இரவுதான் தைத்துக் கொடுத்தார். தொழுகையில் தக்பீருக்குக் கைகளை உயர்த்தியதும் அங்கி முழுவதும் கணுக்காலிலிருந்து மேலேறியது. வழக்கமான வெட்டில் அக்குளின் கீழ் ஒரு சிறு சதுரத் துண்டும், அங்கிருந்து கீழ் விளிம்புவரை விரிந்து செல்லும் பக்கத் துண்டும் வைப்பார்கள். கை உயரவும் கால் வீசி நடக்கவும் இடம் கொடுப்பவை அவைதாம். துணியை மிச்சப்படுத்த இரண்டையும் விட்டுவிட்டு, நேராக வெட்டிக் கையை ஒட்டியிருக்கிறார்கள். முதல் சலவையிலேயே காலரிலும் உட்காருமிடத்திலும் நூல் சுருண்டு மணிமணியாக எழும்பியது. தையலைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே துணியின் கரை நீளமாக இருந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. காட்டியது ஒரு சுருள், வெட்டியது வேறொன்று!

எடுத்துச் சென்று காட்டியதற்கு, வெந்நீரில் துவைத்திருப்பீர்கள் என்றார். பிறகு, முதலாளி ஜித்தா போயிருக்கிறார் என்றார். கடைசியில், "அதுவும் பாலியஸ்டர், இதுவும் பாலியஸ்டர்தானே" என்றார். பாலியஸ்டர் என்பது உண்மைதான்; ஆனால் நல்ல துணியின் நுண்ணிய நூலும் இறுக்கமான முறுக்கும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன, அந்த விலையைத்தான் 520 ரியாலாக வாங்கிக்கொண்டார். இப்போது வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டுப் பதிலே தருவதில்லை.

தைக்கக் கொடுப்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஒப்பவில்லை. துணியின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அச்சுள்ள கரையோடு மீதித் துண்டைக் கேட்டு வாங்குங்கள். பணத்தில் பாதியைக் கையில் வைத்திருங்கள். கடையிலேயே அணிந்து இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து, கீழ் விளிம்பு ஏறினால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.