பண்டிகை லீவ் ஷீட்: 2024 பொங்கல் முதல் ஓட்டிப் பார்த்ததில்

புதுச்சேரியில் டயாலிசிஸ் யூனிட் பார்க்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சி, உங்க யூனிட்ல ஏதோ பாயிண்ட் ஷீட் வச்சு லீவ் கொடுக்கறீங்களாமே, அதை எனக்கும் அனுப்பேன்." அனுப்புகிறேன். ஆனால் அதோடு இதையும் படித்துவிடு.

கடலூரில் எங்கள் யூனிட்டில் எட்டு மெஷின், ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட், ஷிப்டுக்கு மூன்று டெக்னீஷியன். மொத்தம் ஒன்பது பேர். ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை. சாதாரண நாளில் மூன்று பேர் வரை லீவ் போனாலும் சமாளித்துவிடலாம். பண்டிகை வந்தால்தான் சண்டை. முன்பெல்லாம் முதலில் எழுதிக் கொடுத்தவருக்கே லீவ் என்று இருந்தது. தீபாவளி லீவுக்கு ஆடி மாதமே லெட்டர் வந்துவிடும்.

ஷீட்டின் கணக்கு சுலபம். ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை பேர் லீவ் கேட்கிறார்கள், எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அந்த நாளின் பாயிண்ட். ஒன்றுக்குக் கீழே போனால் ஒன்று என்றே வைத்துக்கொள்கிறோம். லீவ் எடுத்தவர் கணக்கில் அந்தப் பாயிண்ட் ஏறும். அடுத்த பண்டிகைக்குக் குறைவான பாயிண்ட் உள்ளவர் முதலில் தேர்வு செய்வார், ஆனால் ஒரு சுற்றில் ஒரு நாள் மட்டும்தான். எல்லோரும் ஒரு நாள் எடுத்த பிறகே இரண்டாவது சுற்று. புதிதாகச் சேர்பவருக்குப் பூஜ்யம் கொடுக்காதே, அப்போதைய சராசரியைக் கொடு. இல்லையென்றால் நேற்று வந்தவர் முதல் தீபாவளியை அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

எந்த நாள் கஷ்டமான நாள் என்பதை காலண்டரைப் பார்த்து நாமே முடிவு செய்யாததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 2025 தீபாவளியைப் பார். அக்டோபர் 20, திங்கட்கிழமை. திங்கள், புதன், வெள்ளி வரும் நோயாளிகளுக்குக் கடைசியாக 17-ஆம் தேதி வெள்ளி ஓட்டியிருப்போம். திங்களை மூடிவிட்டு செவ்வாய்க்குத் தள்ளினால் நடுவில் நாலு நாள் இடைவெளி. மூன்று நாள் இடைவெளியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, நாலு நாளை நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால் அவர்களை ஒரு நாள் முன்னால் இழுத்து 19-ஆம் தேதி ஞாயிறு ஓட்டினோம். அடுத்தது வழக்கம்போல் புதன். எந்த இடைவெளியும் மூன்று நாளைத் தாண்டவில்லை. செவ்வாய், வியாழன், சனி குழுவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது பாயிண்டைப் பார். தீபாவளியன்று யூனிட் மூடியிருந்தது, அவசரத்துக்கு இரண்டு பேர் மட்டும். ஒன்பது பேரும் லீவ் கேட்டார்கள், ஏழு இடம் இருந்தது. பாயிண்ட் 1.3 கூட வரவில்லை. ஞாயிறு வேலை நாளாகிவிட்டதே, ஊருக்குக் கிளம்பும் நாள் வேறு. ஒன்பது பேர் கேட்டார்கள், மூன்றே இடம். பாயிண்ட் 3. தீபாவளியன்று டூட்டி பார்த்ததைத்தான் எல்லோரும் பெரிய தியாகமாகப் பேசுவார்கள். ஷீட்டைப் பார்த்தால் முந்தின நாள் டூட்டி பார்த்தவர்தான் அதிகம் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மறுநாள் செவ்வாய் இன்னொரு கதை. சனிக்கிழமைக்குப் பிறகு வரும் குழு, நடுவில் முறுக்கு, மிக்சர், சோமாஸ். உப்பு தின்றால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர். டிரை வெயிட்டுக்கு மேல் வழக்கத்தைவிட அதிகமாகவே கூடி வருவார்கள். நாலு மணி நேரத்துக்குள் அத்தனையையும் இழுத்தால் பிபி விழும், அதனால் சிலருக்கு நேரத்தை நீட்டவேண்டும். காலை ஷிப்ட் நீண்டால் மதிய ஷிப்ட் தள்ளும். அன்றைக்கு ஆறு பேர் போதாது, ஏழு பேர் வேண்டும். லீவுக்கு இரண்டு இடம்தான், கேட்டவர்கள் ஐந்து பேர். பாயிண்ட் 2.5. நண்பா, பண்டிகை நாளை மட்டும் பார்த்து ரோஸ்டர் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மறுநாளில்தான். பொங்கலுக்கும் இதேதான், உப்போடு கரும்பும் வாழைப்பழமும் சேர்ந்து பொட்டாசியம் வேறு ஏறியிருக்கும்.

இன்னொரு சந்தோஷம் ஆற்றுத் திருவிழா. தை ஐந்தாம் நாள். பொங்கல் விடுமுறைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது, ஆனால் தென்பெண்ணைக் கரையில் அன்றைக்கு இருக்கும் கூட்டத்தை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 2025-இல் அது ஜனவரி 18, சனிக்கிழமை. முன்பெல்லாம் அன்று யாராவது லீவ் கேட்டால் "பொங்கல்தான் முடிஞ்சுடுச்சே, இன்னும் என்ன?" என்போம். ஷீட்டில் காணும் பொங்கலைவிட அதற்குப் பாயிண்ட் அதிகம் வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். வெளியூர்க்காரர்கள் பொங்கலுக்கு முந்தின நாளைக் கேட்டார்கள். இரண்டு தரப்பும் மோதாமலே பாதி ரோஸ்டர் முடிந்தது.

ரம்ஜானுக்கு மட்டும் ஒரு விதி கூடுதலாக வை. பிறை தெரிவதைப் பொறுத்து மாறுமே, அதனால் கேட்பவருக்கு இரண்டு நாளையும் பிடித்து வைக்கவேண்டும், ஆனால் எடுத்த நாளுக்கு மட்டும்தான் பாயிண்ட். 2025-இல் மார்ச் 31-ஆ ஏப்ரல் 1-ஆ என்பது 30-ஆம் தேதி ராத்திரிதான் உறுதியானது. பிறைக்குப் போய் மனிதரிடம் பாயிண்ட் வாங்குவது என்ன நியாயம்?

அப்புறம் ஆர்.ஓ. பிளான்ட் பார்க்கிறவர். அவர் ஒன்பது பேர் கணக்கிலேயே வரமாட்டார், ஆனால் அவரும் அவருக்கு மாற்றாளும் ஒரே நாளில் லீவ் போனால் தண்ணீர் இல்லை, ஒரு மெஷினும் ஓடாது. தலையை எண்ணும் ஷீட்டுக்கு இது தெரியாது. தனி வரிசை போட்டு நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் நல்லதுதான். என் பிபியை ஏற்றுவது மாற்று டூட்டி. ரோஸ்டர் ஒட்டிய பிறகு ஆளுக்காள் மாற்றிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் "ஓகேவா?" என்பார், இன்னொருவர் கட்டைவிரலைத் தூக்குவார், முடிந்தது. பாயிண்ட் பழைய ஆள் பேரிலேயே நிற்கும். இது மறதி என்றால் விட்டுவிடலாம். சீனியர்கள் சிலர் இதையே வழியாக்கிக்கொண்டார்கள். பாயிண்ட் குறைவான ஜூனியர் பெண் முதல் சுற்றில் முந்தின நாளை எடுப்பார், இரண்டு நாள் கழித்து அது சீனியருக்குப் போய்விடும். லீவ் அங்கே, பாயிண்ட் இங்கே. அடுத்த பண்டிகைக்கு அந்தப் பெண் வரிசையில் கடைசி. ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். "அக்கா கேக்கறாங்கண்ணா, எப்படி மாட்டேன்னு சொல்றது? நாளைக்கு அவங்ககூடத்தானே ஷிப்ட் பார்க்கணும்" என்றார். இதற்கு எந்த ஃபார்முலா போடுவது?

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பாயிண்ட் அதிகம் இருப்பவரின் பெயரை எடுத்து, கைரேகை மெஷினின் வருகைப் பட்டியலில் அந்தத் தேதிகளைப் பார். லீவ் என்று பாயிண்ட் ஏறிய நாளில் அவர் கைரேகை விழுந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். இப்போது திட்டத்தை வைத்துப் பாயிண்ட் ஏற்றுவதை நிறுத்திவிட்டோம். மாதக் கடைசியில் வருகைப் பட்டியலைப் பார்த்து, உண்மையில் வராதவருக்கே ஏற்றுகிறோம். கணக்கு நேரானது. அந்தப் பெண் முந்தின நாள் டூட்டி பார்ப்பது மட்டும் மாறவில்லை, இப்போது பாயிண்ட் குறைவாக வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஒவ்வொரு மாதக் கடைசியும் நான் உட்கார்ந்து இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்க்கிறேன், சீனியர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உன் யூனிட்டில் நாலே பேர்தானே. ஷீட் வேண்டாம்டா. ஒரு நோட்டில் போன தீபாவளிக்கு முந்தின நாள் யார் வந்தது, மறுநாள் யார் வந்தது என்று மட்டும் எழுதி வை. எங்கள் ஷீட்டை வரும் பொங்கலுக்குள் வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். கேட்டால், "நீங்க பார்த்தாதான் சார் நியாயமா இருக்கும்" என்கிறார்கள், அந்த சீனியர்கள் உட்பட.