விரிதாளில் தூரத் தாயம்: நந்திக்கடலை அறியாத சூத்திரம்

நண்பர் ஒருவர் கேட்டவர்: "மச்சான், கடைகளுக்குச் சாமான் இறக்கிற லொறிக்கு வழி போட எக்செல் காணுமே?" நான் இந்த முறையைத்தான் நெடுநாளாகப் பாவிக்கிறேன். காணும் என்று சொல்ல மனம் வருகிறது. ஆனால் ஒரு விடயத்தில் அது என்னை இன்னமும் கடுப்பேற்றுகிறது.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நிரை. B நிரலில் அகலக்கோடு, C நிரலில் நெடுங்கோடு. எட்டு நிறுத்தங்கள் 2 முதல் 9 வரையான நிரைகளில் இருந்தால், ஒவ்வொரு சோடிக்கும் இடையிலான நேர்த்தூரத்தைக் காட்டும் தாயத்துக்கு F2 கலத்தில் இதை எழுதி M9 வரை இழுத்துவிடலாம்:

```
=2*6371*ASIN(SQRT(
SIN(RADIANS(INDEX($B$2:$B$9,COLUMNS($F2:F2))-$B2)/2)^2
+COS(RADIANS($B2))*COS(RADIANS(INDEX($B$2:$B$9,COLUMNS($F2:F2))))
*SIN(RADIANS(INDEX($C$2:$C$9,COLUMNS($F2:F2))-$C2)/2)^2))
```

6371 என்பது பூமியின் சராசரி ஆரை, கிலோமீற்றரில். `COLUMNS($F2:F2)` வலப்பக்கம் இழுக்க இழுக்க 1, 2, 3 என்று கூடும். அதனால் தலைப்பில் ஆள்கூறுகளைத் திரும்ப எழுதத் தேவையில்லை. இந்தச் சிறு வசதி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். கிளிநொச்சிக்கு 9.396, 80.398 என்றும் மாங்குளத்துக்கு 9.131, 80.446 என்றும் கொடுத்தால் 29.9 வரும். அதே இடத்தில் 7 சொச்சம் வந்தால் அகலக்கோடும் நெடுங்கோடும் இடம் மாறிவிட்டன. இந்த ஒரு சோடியைப் பார்த்தாலே பிழை பிடிபடும்.

ஏ9 வீதியில் இந்த எண்கள் நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் அந்த வீதி கிட்டத்தட்ட நேராகப் போகிறது. கோபம் முல்லைத்தீவுப் பக்கம் போனால்தான் வருகிறது. கேப்பாப்புலவும் முள்ளிவாய்க்காலும் நந்திக்கடல் என்ற கடல்நீரேரியின் இரு கரைகள். சூத்திரம் தண்ணீருக்கு மேலால் கோடு கீறி, இரண்டும் அடுத்தடுத்த வீடுகள் என்கிறது. லொறியோ வட்டுவாகல் பாலத்தால் அல்லது புதுக்குடியிருப்பால் சுற்றித்தான் வரவேண்டும்.

எல்லாவற்றையும் 1.25 ஆல் பெருக்கு என்று பலர் சொல்வார்கள். நேரான வீதிக்கு அது மிகை, கடல்நீரேரிக்குப் போதவே போதாது. இதிலுள்ள கெடுதி சராசரிப் பிழையோடு நிற்பதில்லை. வழி தேடும் மென்பொருள் குறைந்த தூரத்தைத்தான் தேடும். தாயத்தில் பொய்யாகக் குறைந்து நிற்கிற சோடி எதுவோ, அதையே பொறுக்கி எடுத்து அடுத்தடுத்து வைக்கும். ஆயிரம் கலங்களில் நாலு பிழையாக இருந்தாலும் திட்டத்தில் அந்த நாலும் வந்து நிற்கும். மென்பொருள் தந்த வழியில் இரு நிறுத்தங்களுக்கு இடையிலான கோடு நந்திக்கடலைக் குறுக்கே கடக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். D நிரலில் கரையை எழுதுகிறேன்: நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துக்கு "கி", மற்ற எல்லாவற்றுக்கும் "மே". கரை மாறும் இரண்டு வாசல்களில் புதுக்குடியிருப்பு 8ஆம் நிரை, வட்டுவாகல் 9ஆம் நிரை. பிறகு P2 இலிருந்து W9 வரை இரண்டாவது தாயம்:

```
=ROUND(1250*IF($D2=INDEX($D$2:$D$9,COLUMNS($P2:P2)),
F2,MIN($L2+F$8,$M2+F$9)),0)
```

ஒரே கரையென்றால் நேர்த்தூரம். வேறு கரையென்றால் இரண்டு வாசல்களில் எது கிட்டவோ அது. 1250 ஆல் பெருக்குவதால் 1.25 மடங்கும் மீற்றராக மாற்றுவதும் ஒன்றாக முடிகின்றன. நான் பாவிக்கும் வழி தேடும் மென்பொருளான ஓஆர்-டூல்ஸ் முழு எண்களைத்தான் எடுக்கும், அதற்காகவே ROUND. 1.25 ஐ அப்படியே எடுக்காமல், நீங்கள் ஓடிப் பழகிய சில வழிகளுக்கு லொறியின் மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நேர்த்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். வட்டுவாகலில் இறக்குவதற்குக் கடை இல்லையென்றால், மென்பொருளுக்குக் கொடுக்கும்போது அதன் நிரையையும் நிரலையும் விட்டுவிடுங்கள். எண்களை மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள்.

மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால், அங்கே இறக்கக் கடை இல்லாதபோது புதுக்குடியிருப்பின் ஆள்கூற்றை 9ஆம் நிரைக்கும் பிரதி செய்தால் போதும். கரை மாறும் சோடிகள் எல்லாம் உடனே புதுக்குடியிருப்பால் சுற்றிப் போகும். இணையத்துக்குக் காத்திருக்காமல் ஒரு நிமிடத்தில் இப்படி மாற்ற முடிவதை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: காணாது. இரணைமடுவுக்கு ஒரு வாசல், பூநகரிப் பக்கத்துக்கு இன்னொன்று என்று கூடிக்கொண்டே போனால் அந்த IF ஐ யாராலும் வாசிக்க முடியாது. நிறுத்தங்கள் இருபது முப்பதைத் தாண்டினால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வீதித் தரவில் ஓடும் ஓஎஸ்ஆர்எம்மிடம் வீதித் தூரத்தைக் கேளுங்கள். அதன் தாயத்தை அதே விரிதாளில் ஒட்டிவிட்டு, மாரி மாற்றங்களை மட்டும் கையால் செய்யுங்கள்.