நேரலைப் புடவை விற்பனைக்கு ஒரு ஸ்கிரிப்ட்: 18 மாத அனுபவம்

சின்னாளப்பட்டியில் உள்ள எங்கள் பருத்திப் புடவைக் கடைக்காக, வாரத்தில் இரண்டு நாள் இரவு 8 மணிக்கு யூடியூபில் நேரலை செய்கிறோம். நான் புடவையைக் காட்டிப் பேசுவேன். அண்ணி கமெண்ட்டுகளைப் படித்துச் சொல்வார். பிடித்த புடவையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புக்கிங் ஆகிவிடும். 45 நிமிடத்தில் 12 புடவைகள் என்ற கணக்கில் நான் எழுதிக்கொண்ட ஸ்கிரிப்டை 18 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் பேச வேண்டியதை வரிக்கு வரி எழுதினேன். கண் தாளிலேயே நின்றது. புடவையைப் பிரிக்கும் கை தயங்கியது. இப்போது ஒவ்வொரு புடவைக்கும் எண், கையால் காட்ட வேண்டியது, விலை, கையிருப்பு ஆகிய நான்கை மட்டுமே குறித்துக்கொள்கிறேன். முழு வாக்கியமாக எழுதுவது சலுகை அறிவிப்பை மட்டும்தான்.

வரிசையில் நான் செய்த மாற்றமே அதிகப் பலன் தந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கையிருப்பில் உள்ள, கண்ணைக் கவரும் ஒற்றைப் புடவையை முதலில் காட்டினால் ஆட்கள் தங்குவார்கள் என்று நம்பினேன். ஆனால் முதல் பத்து நிமிடமும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள் என்பதால், விற்றுப்போன அந்தப் புடவையைப் பற்றியே பிறகு வந்தவர்கள் இறுதிவரை கேட்டார்கள்; அடுத்த புடவைகளுக்கான நேரம் அதிலேயே கரைந்தது. ஆகவே இப்போது கையிருப்பு அதிகமுள்ளவற்றில் தொடங்கி, ஒற்றைப் புடவைகளை நடுவில் வைக்கிறேன்.

செய்துகாட்டும் இடம் எப்போதும் விலைக்கு முன்னால் வர வேண்டும். விலையைச் சொன்ன உடனே கமெண்ட்டுகள் குவிவதால், அதன் பிறகு எதைக் காட்டினாலும் பார்ப்பவர் கவனம் அதில் இருப்பதில்லை. அரக்குச் சிவப்புச் சுங்குடி வந்தால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் கரையில் பத்து முறை தேய்த்து, கைக்குட்டையைக் கேமராவின் அருகில் கொண்டுபோகிறேன். லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தால் அதையும் மறைக்காமல், முதல் இரண்டு சலவைக்குத் தனியாக அலசச் சொல்கிறேன். இதற்கு 40 நொடி ஆகிறது. இதைச் சேர்த்த பிறகு, சாயம் போகிறது என்று வரும் புகார்கள் வெகுவாகக் குறைந்தன.

கமெண்ட்டுகளில் அளவு, பிளவுஸ், நிறம் பற்றியவற்றுக்கு மட்டும் நான் வாயால் பதில் சொல்கிறேன். “பிளவுஸ் இருக்கா?” என்பதற்கு “இருக்கு” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், “புடவை ஐந்தரை மீட்டர், அதோடு சேர்ந்த பிளவுஸ் 80 சென்டிமீட்டர்” என்று முழுமையாகச் சொன்னால் அதே கேள்வி மீண்டும் வருவது குறைகிறது. கூரியர், பணம் அனுப்புதல் பற்றியவற்றுக்கு அண்ணி எழுத்தில் பதில் தருகிறார்.

இந்த ஸ்கிரிப்டில் நான் அதிகம் இடறிய பகுதி நேரச் சலுகைதான். 950 ரூபாய்ப் புடவையை 820 ரூபாய்க்குத் தருவதாகக் கூறி, “இன்னும் பத்து நிமிடம்தான்” என்று 8:25-க்கு அறிவித்தேன். 8:41-க்கு ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நேரம் முடிந்தது என்றதும், “நீங்கள் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையே, அக்கா” என்று வருத்தப்பட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நேரலை எப்போதும் சில நொடிகள் தாமதித்தே பார்ப்பவரைச் சென்றடைகிறது. இன்னொரு போனில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஏறக்குறைய 20 நொடி வந்தது. அதோடு, தாமதமாக வந்தவர் வீடியோவைப் பின்னே இழுத்துத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், என்னுடைய “இன்னும் பத்து நிமிடம்” அவருக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

அன்று அவருக்கு 820-க்கே கொடுத்துவிட்டு, ஸ்கிரிப்டில் அந்த வாக்கியத்தை மாற்றினேன்: “புடவை எண் 7, இரவு 8:35 வரை 820 ரூபாய்; வாட்ஸ்அப்பில் செய்தி வந்த நேரமே கணக்கு.” அதே நேரத்தைப் பலகையில் எழுதிப் புடவையின் பக்கத்தில் நிறுத்துகிறேன், ஸ்கிரீன்ஷாட்டிலும் அது பதிந்துவிடுகிறது. வெளியே சொல்லாமல் இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்து, 8:37 வரை வந்தவற்றை ஏற்கிறோம்.

கையிருப்பையும் உள்ளபடியே சொல்கிறேன். இணையத்தில் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் டார்க் பேட்டர்ன் உத்திகளைத் தடுக்கும் மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், பொய்யான அவசரம் காட்டுவதையும் தடை செய்கின்றன. “மூன்றுதான் இருக்கிறது” என்றால் மேசையில் மூன்றும் பார்வையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. ஒரே நிமிடத்தில் இருவர் ஒற்றைப் புடவைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், அண்ணி வாட்ஸ்அப்பைப் பார்த்து முந்தியவர் யாரென்று சொல்லும்வரை நான் அடுத்த எண்ணுக்குப் போக முடிவதில்லை. அந்த இடைவெளிக்காக ஒவ்வொரு ஒற்றைப் புடவைக்கும் பின்னால் ஒரு நிமிடத்தை வெறுமையாகவே விட்டு எழுதுகிறேன்.